கொலஸ்ட்ரால் சேர்த்தும் சவ்வு சொன்னபடி கேட்கவில்லையா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

லிப்போசோம் என்ற நுண்ணிய லிப்பிட் உறைகளைச் செய்து, கொலஸ்ட்ராலின் அளவையும் வெப்பநிலையையும் மாற்றி, சவ்வின் பாய்மத்தன்மையை அளப்பது முதுநிலை ஆய்வகங்களில் வழக்கமான பயிற்சி. பாடத்தில் நான்கு வரியில் முடிந்துவிடும் விஷயம்தான். ஆனால் பெஞ்சில் உட்கார்ந்தால் ரீடிங் வேறு எதையோ சொல்லும். அப்படி வரும் கோளாறுகளை, கண்ணில் படும் அறிகுறியிலிருந்து தொடங்கி இங்கே பார்க்கலாம்.

எல்லாவற்றுக்கும் ஒரே அமைப்பை எடுத்துக்கொள்கிறேன்: டிபிபிசி என்ற பாஸ்போலிப்பிட், அதோடு கொலஸ்ட்ரால், அளப்பதற்கு லார்டன் என்ற ஒளிரும் சாயம். டிபிபிசியைத் தேர்ந்தெடுக்கக் காரணம் இருக்கிறது. அது 41 டிகிரி செல்சியஸில் நிலை மாறும். அதனால் சாதாரண வாட்டர் பாத் ஒன்றை வைத்துக்கொண்டே அந்த வெப்பநிலைக்கு இரண்டு பக்கமும் போய்வர முடியும். (கீழே வரும் டிகிரிகள் எல்லாம் செல்சியஸ்தான்.)

எந்த அறிகுறியானாலும் முதலில் இதைப் பாருங்கள்

ஒவ்வொரு பாஸ்போலிப்பிடுக்கும் ஒரு மாறுநிலை வெப்பநிலை உண்டு. அதற்குக் கீழே அதன் கொழுப்பு அமில வால்கள் நீட்டி நிமிர்ந்து, ஒன்றோடொன்று நெருங்கி அடுக்கப்பட்டிருக்கும். இது ஜெல் நிலை. அதற்கு மேலே வால்கள் மடங்கி நெளியும், மூலக்கூறுகள் பக்கவாட்டில் தாராளமாக நகரும். இது பாய்ம நிலை. 14 கார்பன் கொண்ட நிறைவுற்ற வால்கள் இரண்டு இருந்தால் மாற்றம் 24 டிகிரியில் நடக்கும். 16 கார்பன் என்றால் 41, அதுதான் நம் டிபிபிசி. 18 கார்பன் என்றால் 55. அதே 18 கார்பன் வால்கள் ஒவ்வொன்றிலும் ஒரு சிஸ் இரட்டைப் பிணைப்பு இருந்தால் அது டிஓபிசி. மாற்றம் பூஜ்யத்துக்குக் கீழே, ஏறக்குறைய மைனஸ் 17-க்குப் போய்விடும். மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்துபோக, நல்லெண்ணெய் உறையாமல் இருக்கிறதே, அதன் அடிப்படையும் இதுதான்: இரட்டைப் பிணைப்பு வாலை வளைத்துவிடுகிறது, வளைந்த வால்கள் நெருங்கி அடுக்காக அமைவதில்லை.

இப்போது கொலஸ்ட்ரால். அதன் உடல் விறைப்பான நான்கு வளையங்கள், ஒரு முனையில் சின்னதாக ஒரு ஹைட்ராக்ஸில் தலை. அந்தத் தலை நீர்ப்பக்கம் நிற்கும். வளையங்கள் பக்கத்து வாலின் மேல்பகுதியில், சுமார் முதல் பத்துக் கார்பன் வரை ஒட்டி நிற்கும். பாய்ம நிலையில் இருக்கும் வால் நெளியப் பார்த்தால் இந்த விறைப்பான பலகை விடாது, சவ்வு இறுகும். ஜெல் நிலையில் வால்கள் வரிசையாக அடுக்கி நிற்கப் பார்த்தால் இதே பலகை நடுவில் புகுந்து வரிசையைக் கெடுக்கும், சவ்வு தளரும். மூலக்கூறு அதேதான், வேலையும் அதேதான். மாறுநிலைக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதைப் பொறுத்து விளைவு திசை மாறுகிறது. போதுமான அளவு சேர்த்தால் இரண்டு நிலைகளுக்கும் இடைப்பட்ட மூன்றாவது நிலை ஒன்று வரும்: வால்கள் ஒழுங்காக நிற்கும், ஆனால் மூலக்கூறுகள் நகர்ந்துகொண்டும் இருக்கும். இதற்கு ஒழுங்குற்ற பாய்ம நிலை என்று பெயர்.

ஆகவே எந்தக் கோளாறு வந்தாலும் நோட்டுப் புத்தகத்தில் மூன்று விஷயம் எழுதியிருக்க வேண்டும். என்ன லிப்பிட், அதன் மாறுநிலை எவ்வளவு. குவெட்டுக்குள் இருந்த உண்மையான வெப்பநிலை எவ்வளவு. கொலஸ்ட்ரால் எத்தனை மோல் சதவீதம். "கொலஸ்ட்ரால் சேர்த்தேன், சவ்வு இறுகியது" என்ற வரி இந்த மூன்றும் இல்லாமல் எதையும் சொல்வதில்லை.

அறிகுறி 1: எக்ஸ்ட்ரூடரில் சிரிஞ்ச் நகரவே மாட்டேன் என்கிறது

லிப்போசோம்களை ஒரே அளவாக்க, 100 நானோமீட்டர் துளையுள்ள பாலிகார்பனேட் வடிகட்டிச் சவ்வு வழியாக எக்ஸ்ட்ரூடரில் தள்ளும்போது சிரிஞ்ச் கல்லாக நிற்கும். பலம் கொடுத்தால் சவ்வு கிழியும், அல்லது கண்ணாடி சிரிஞ்ச் உடையும். பலர் உடனே புதுச் சவ்வு மாட்டிப் பார்ப்பார்கள். பெரும்பாலும் கோளாறு அங்கே இல்லை.

லிப்பிட் ஜெல் நிலையில் இருக்கிறது, அவ்வளவுதான். விறைத்துப்போன பெரிய உறைகள் அந்தத் துளை வழியாக உருமாறி நுழைய முடியாது. டிபிபிசிக்கு எக்ஸ்ட்ரூடரை ஹீட்டிங் பிளாக்கில் வைத்து 50 டிகிரியில் தள்ளுங்கள். பிளாக் 50 காட்டிய உடனே தொடங்கிவிடக் கூடாது. சிரிஞ்சும் உள்ளே இருக்கும் திரவமும் அந்தச் சூட்டுக்கு வரப் பத்து நிமிடமாவது ஆகும். இரண்டு சிரிஞ்சையும் பிளாக்கிலிருந்து வெளியே எடுக்காமல் முன்னும் பின்னுமாகத் தள்ள வேண்டும். மொத்தம் 11 அல்லது 21 தடவை, எப்படியும் ஒற்றைப்படை எண். அப்போதுதான் கடைசித் தள்ளல் எதிர்ப்பக்க சிரிஞ்சில் முடியும், வடிகட்டாத துகள் எதுவும் தொடங்கிய பக்கத்திலிருந்து கலக்காது.

எக்ஸ்ட்ரூடருக்கு முந்தைய படியிலும் இதே பிழை ஒளிந்திருக்கலாம். உலர்ந்த லிப்பிட் படலத்தில் அறைச்சூட்டில் பஃபர் ஊற்றினால் படலம் செதில் செதிலாகப் பிரியும், அடியில் வெள்ளைக் கட்டிகள் நிற்கும். பஃபரையும் 50 டிகிரிக்குச் சூடாக்கி ஊற்றி, அதே சூட்டில் ஒரு மணி நேரம் அவ்வப்போது சுழற்றிக் கலக்கினால் பால் போன்ற சீரான கலங்கல் வரும். கட்டி தெரிந்தால் எக்ஸ்ட்ரூடர் பக்கம் போகவே வேண்டாம்.

கொலஸ்ட்ரால் 40 மோல் சதவீதம் உள்ள மாதிரியில் மாறுநிலை மங்கிப்போயிருக்கும், ஆனாலும் அதையும் 50-லேயே செய்யுங்கள். ஒப்பிடப்போகும் இரண்டு மாதிரிகளின் தயாரிப்பில் வேறுபாடு இருக்கக் கூடாது.

அறிகுறி 2: "ஜெல் நிலையைக் கொலஸ்ட்ரால் தளர்த்தும்" என்றார்கள், ரீடிங் அசையவே இல்லை

அதிகம் பேரைக் குழப்புவது இதுதான். அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

லார்டன் சவ்வுக்குள், லிப்பிடின் தலையும் வாலும் சேரும் இடத்தை ஒட்டி உட்காரும். 350 நானோமீட்டரில் கிளர்த்தினால், சுற்றி நீர் மூலக்கூறுகள் இல்லாத இறுக்கமான சவ்வில் 440-ஐ ஒட்டி நீலமாக ஒளிரும். நீர் நுழைந்து அசையும் தளர்ந்த சவ்வில் ஒளி 490 பக்கம் நகரும். இந்த இரண்டு இடத்து ஒளிச்செறிவையும் வைத்து GP என்ற மதிப்பை இப்படிக் கணக்கிடுவோம்:

```
GP = (I440 - I490) / (I440 + I490)
```

மதிப்பு பிளஸ் பக்கம் ஏறினால் இறுக்கம், மைனஸ் பக்கம் இறங்கினால் தளர்ச்சி. இனி ஒரு மாதிரியை முழுதாகப் போட்டுப் பார்க்கலாம். கீழே உள்ள ஒளிச்செறிவுகள் கணக்குக்காக எடுத்தவை. ஃபுளோரிமீட்டருக்கு ஃபுளோரிமீட்டர் எண்கள் மாறும், ஆனால் போக்கு இதுதான்.

வெறும் டிபிபிசி, 25 டிகிரி: 440-ல் 780, 490-ல் 220. GP 0.56. அதே குவெட் 50 டிகிரியில்: 400, 600. GP மைனஸ் 0.20. சூடேறும்போது 41-ஐத் தாண்டும் இடத்தில் செங்குத்தாக ஒரு சரிவு தெரியும்.

40 மோல் சதவீதம் கொலஸ்ட்ரால் சேர்த்தது, 25 டிகிரி: 770, 230. GP 0.54. அதே குவெட் 50 டிகிரியில்: 660, 340. GP 0.32.

50 டிகிரியில் பாடம் அப்படியே நடந்திருக்கிறது. மைனஸ் 0.20-ல் இருந்தது 0.32-க்கு ஏறிவிட்டது, கொலஸ்ட்ரால் பாய்ம நிலையை நன்றாக இறுக்கியிருக்கிறது. வெப்பநிலை 25 டிகிரி உயர்ந்ததற்கு வெறும் டிபிபிசி 0.76 அளவு சரிந்தது, கொலஸ்ட்ரால் உள்ளது 0.22 மட்டுமே சரிந்தது. வெப்பநிலை மாற்றத்தைக் கொலஸ்ட்ரால் மட்டுப்படுத்துகிறது என்று சொல்வது இதைத்தான்.

ஆனால் 25 டிகிரியில் 0.56-க்கும் 0.54-க்கும் என்ன வித்தியாசம்? ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். தளர்ந்திருக்க வேண்டுமே என்று மாணவர்கள் லிப்பிடைச் சந்தேகிப்பார்கள், சாயத்தைச் சந்தேகிப்பார்கள், மாதிரியைத் திரும்பச் செய்வார்கள். எதுவும் கெட்டுப்போகவில்லை. லார்டன் அசைவை நேரடியாக அளக்கவில்லை. அது உட்கார்ந்திருக்கும் ஆழத்தில் எவ்வளவு நீர் இருக்கிறது, அந்த நீர் எவ்வளவு வேகமாகத் திரும்பிக்கொள்கிறது என்பதைத்தான் காட்டுகிறது. ஜெல் நிலையிலும் அங்கே நீருக்கு இடமில்லை. ஒழுங்குற்ற பாய்ம நிலையிலும் அநேகமாக இல்லை. இரண்டும் லார்டனுக்கு ஒரே மாதிரிதான் தெரியும். வால்களின் வரிசை குலைந்ததும், மூலக்கூறுகள் நகரத் தொடங்கியதும் அதன் பார்வைக்கு வெளியே நடக்கும் சங்கதிகள்.

அந்தத் தளர்ச்சியைக் காண வேறு அளவி வேண்டும். எளிதில் கிடைப்பது டிபிஹெச் என்ற குச்சி வடிவச் சாயம். இது வால்களின் நடுவே போய் அமரும். அது எவ்வளவு ஆடுகிறது என்பதை ஒளியின் முனைவாக்கத்திலிருந்து r என்ற மதிப்பாகக் கணக்கிடலாம். Ivv, Ivh இரண்டும் கிளர்த்தும் ஒளியின் முனைவாக்கத்துக்கு இணையாகவும் செங்குத்தாகவும் அளந்த ஒளிச்செறிவுகள், G கருவிக்கான திருத்தக் காரணி; r குறைந்தால் ஆட்டம் அதிகம்:

```
r = (Ivv - G*Ivh) / (Ivv + 2*G*Ivh)
```

வெறும் டிபிபிசியில் 25 டிகிரியில் r 0.3-ஐ ஒட்டியும், 50 டிகிரியில் 0.1-ஐ ஒட்டியும் இருக்கும். கொலஸ்ட்ரால் சேர்த்தால் கீழ் வெப்பநிலையில் மதிப்பு இறங்கும், மேல் வெப்பநிலையில் ஏறும். இரண்டு கோடுகளும் 41-ஐ ஒட்டி ஒன்றையொன்று வெட்டும். திசை மாறுவதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் இந்த வெட்டுப்புள்ளியைத்தான் காட்ட வேண்டும். ஒரு எச்சரிக்கை: மாதிரி கலங்கலாக இருந்தால் சிதறும் ஒளியே முனைவாக்கத்தைக் குலைத்து r-ஐக் குறைத்துக் காட்டும். பாதியாக நீர்த்துத் திரும்ப அளந்து பாருங்கள். r உயர்ந்தால் முதல் ரீடிங்கை நம்ப முடியாது.

பக்கவாட்டு நகர்வையே பார்க்க ஆசை என்றால் ஒளி வெளுப்பு மீட்பு முறை இருக்கிறது. ஒரு வட்டத்தில் சாயத்தை லேசரால் வெளுத்துவிட்டு, சுற்றியுள்ள சாயம் எவ்வளவு சீக்கிரம் உள்ளே வருகிறது என்று பார்ப்பது. ஜெல் நிலையில் வட்டம் இருட்டாகவே நிற்கும், கொலஸ்ட்ரால் உள்ள சவ்வில் மெல்ல நிரம்பும். ஆனால் 100 நானோமீட்டர் லிப்போசோமில் இதைச் செய்ய முடியாது, லேசர் புள்ளியே அதைவிடப் பெரியது. கண்ணாடியில் படிய வைத்த சவ்வோ, பல மைக்ரான் அகலமுள்ள ராட்சத உறையோ வேண்டும்.

அறிகுறி 3: 40 சதவீதம் போட்டேன், மாற்றம் இன்னும் கூர்மையாகவே தெரிகிறது, அல்லது மினுமினுப்பாக ஏதோ மிதக்கிறது

இரண்டுக்கும் காரணம் அநேகமாகக் கணக்கில்தான் இருக்கும். போட்டதாக நினைத்த அளவு வேறு, சவ்வில் இருக்கும் அளவு வேறு.

முதலில் எடையையும் மோலையும் குழப்புவது. டிபிபிசியின் மூலக்கூறு எடை 734, கொலஸ்ட்ராலுடையது 387. எடையில் 60-க்கு 40 போட்டால் மோலில் அது 44-க்கு 56 ஆகிவிடும். 40 என்று எழுதிவைத்த மாதிரியில் 56 இருக்கும். சரியான கணக்கு இதோ, மொத்தம் 5 மைக்ரோமோல் லிப்பிடுக்கு. டிபிபிசி 3 மைக்ரோமோல், அதாவது 2.2 மில்லிகிராம். கொலஸ்ட்ரால் 2 மைக்ரோமோல், 0.77 மில்லிகிராம். இரண்டு ஸ்டாக்கும் மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் என்றால் முறையே 220 மைக்ரோலிட்டரும் 77 மைக்ரோலிட்டரும் எடுக்க வேண்டும். லார்டன் லிப்பிடில் ஐந்நூறில் ஒரு பங்கு போதும்: 1 மில்லிமோலார் ஸ்டாக்கில் 10 மைக்ரோலிட்டர். இதையும் உலர்த்துவதற்கு முன்பே சேர்த்துவிட்டால் சவ்வின் இரு ஏட்டிலும் சமமாகப் பரவும். உலர்த்தி 1 மில்லிலிட்டர் பஃபர் ஊற்றினால் 5 மில்லிமோலார் லிப்பிட் கிடைக்கும். அதில் 100 மைக்ரோலிட்டரை 2.4 மில்லிலிட்டர் பஃபரில் விட்டு அளக்கலாம்.

அடுத்தது குளோரோஃபார்ம். மூடியைத் திறந்து வைத்துப் பேசிக்கொண்டிருந்தால் அது ஆவியாகும். ஸ்டாக் தானாகவே அடர்ந்துவிடும். பிளாஸ்டிக் டிப்பில் எடுத்தால் முனையில் நிற்காமல் சொட்டும், பிளாஸ்டிக்கையும் கரைக்கும். கண்ணாடி சிரிஞ்ச்தான் சரி. பழைய ஸ்டாக்கில் சந்தேகம் வந்தால் பாஸ்பேட் அளவிடுவார்கள். அது பாஸ்போலிப்பிடை மட்டுமே எண்ணும். கொலஸ்ட்ராலில் பாஸ்பேட் கிடையாது. கொலஸ்ட்ராலுக்குத் தனியாக நொதிமுறைக் கிட் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டையும் எக்ஸ்ட்ரூடரிலிருந்து வெளிவந்த மாதிரியில் செய்வதே நல்லது, ஏனென்றால் வழியில் தொலைவதும் உண்டு.

கணக்குச் சரி என்றால் எதிர்பார்க்க வேண்டியது என்ன? மாற்றத்தின்போது உறிஞ்சப்படும் வெப்பத்தை அளக்கும் நுண்கலோரிமானியில் வெறும் டிபிபிசி 41-ல் ஊசி போல ஒரு சிகரம் காட்டும், 35-ஐ ஒட்டிச் சின்னதாக ஒரு முன்சிகரமும் இருக்கும். கொஞ்சம் கொலஸ்ட்ரால் சேர்த்தாலே முன்சிகரம் முதலில் காணாமல் போகும். சேர்க்கச் சேர்க்க ஊசி குட்டையாகும், அடியில் அகலமான மேடு ஒன்று எழும். 20 முதல் 25 மோல் சதவீதத்துக்குள் ஊசி போய்விடும், மேடு மட்டும் நிற்கும். 50-ஐ நெருங்கும்போது மேடும் தட்டையாகிவிடும். ஆகவே 40 போட்ட மாதிரியில் ஊசி தெரிந்தால், சவ்வின் ஒரு பகுதியிலாவது கொலஸ்ட்ரால் 25-க்குக் கீழே இருக்கிறது என்று அர்த்தம்.

மினுமினுப்பு இதற்கு நேர் எதிர்ப்பக்கத்துக் கோளாறு. டிபிபிசி போன்ற பாஸ்படிடில்கோலின் வகை லிப்பிடின் சவ்வு சுமார் 66 மோல் சதவீதம் வரை கொலஸ்ட்ராலைத் தாங்கும். அதற்கு மேல் போனால் அது தனியே படிகமாகிவிடும். தகடு தகடாக இருக்கும் அந்தப் படிகங்கள் வெளிச்சத்தில் பளபளக்கும். 50-ஐத் தாண்டிய மாதிரிகளில், படலம் மெதுவாக உலரும்போதே கொலஸ்ட்ரால் பிரிந்து படிகமாகிவிடுவதும் உண்டு, பிறகு பஃபரில் அது முழுதாகத் திரும்பச் சேராது. முனைவாக்க நுண்ணோக்கியில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். படிகம் இருந்தால் அந்த மாதிரியின் மோல் சதவீதத்தை எழுதிப் பயனில்லை. படலத்தை நைட்ரஜனில் சுழற்றி விரைவாக, மெல்லியதாக உலர்த்தி மீண்டும் செய்ய வேண்டும். 40-ஐத் தாண்டாமல் இருந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. பயிற்சி ஆய்வுகளுக்கு 40 போதும் என்று நான் சொல்வது அதனால்தான்.

அறிகுறி 4: சரிவு இருக்கிறது, ஆனால் 41-ல் இல்லை, 43-ல் வருகிறது

லிப்பிட் அசுத்தமோ என்று தேடும் முன் வெப்பமானியைக் குவெட்டுக்குள் விடுங்கள். திரையில் தெரிவது பெரும்பாலும் வாட்டர் பாத்தின் சூடு, அல்லது குவெட் தாங்கியின் சூடு. குழாயில் ஓடிவரும் வழியிலும் கண்ணாடிச் சுவரிலும் ஒன்றிரண்டு டிகிரி போய்விடும். பாத் 43 காட்டும்போது குவெட்டுக்குள் 41 இருந்தால் கோளாறு தீர்ந்தது.

சூடேற்றும்போது ஒரு இடத்திலும் குளிரவைக்கும்போது வேறு இடத்திலும் சரிவு வந்தால், வெப்பநிலையை மாற்றும் வேகம் அதிகம். 38-க்கும் 44-க்கும் இடையே அரை டிகிரியாக ஏற்றி, ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நிமிடம் காத்திருந்து அளங்கள். மற்ற இடங்களில் ஐந்தைந்து டிகிரியாகத் தாவினாலும் பரவாயில்லை.

தூய டிபிபிசி இப்படி மாறாத இடத்தில் மாறுவதால் அதையே அளவுகோலாகவும் வைத்துக்கொள்ளலாம். புதிய அமைப்பில் முதல் குவெட் எப்போதும் வெறும் டிபிபிசியாக இருக்கட்டும்.

அறிகுறி 5: உள்ளே அடைத்த சாயம் 41-ஐ ஒட்டிக் கொட்டிவிடுகிறது

கார்பாக்ஸிஃபுளோரசீன் என்ற சாயத்தை 50 மில்லிமோலார் அளவில் உள்ளே அடைத்தால் நெருக்கத்தில் தன் ஒளியைத் தானே அணைத்துக்கொள்ளும். வெளியே கசிந்தால்தான் ஒளிரும். வெறும் டிபிபிசியில் 25-ல் கசிவு குறைவு. 41-ஐ நெருங்கும்போது மளமளவென்று கொட்டும். வியப்பு என்னவென்றால், 50-க்குப் போனால் கசிவின் வேகம் மறுபடி குறைகிறது. அதிகச் சூடு, அதிகத் தளர்ச்சி, அதிகக் கசிவு என்று நினைத்தவர்களுக்கு இது பிழையாகத் தோன்றும். உண்மையில் மாறுநிலையில்தான் ஜெல் திட்டுகளும் பாய்மத் திட்டுகளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. அவை சந்திக்கும் ஓரத்தில் வால்கள் சரியாகப் பொருந்துவதில்லை, அங்கேதான் ஓட்டை. முழுக்க ஜெல்லிலும் ஓரம் இல்லை, முழுக்கப் பாய்மத்திலும் இல்லை.

கொலஸ்ட்ரால் 30 மோல் சதவீதத்துக்கு மேல் இருந்தால் இந்தக் கசிவுச் சிகரம் அடங்கிவிடும், ஏனென்றால் இரண்டாகப் பிரியும் மாற்றமே மங்கிப்போகிறது. 5, 10 என்று கொஞ்சமாகச் சேர்த்தால் அடங்காது. கொலஸ்ட்ரால் போட்டும் கசிகிறது என்பவர்கள் முதலில் எத்தனை போட்டோம் என்று பார்க்கவும்.

40 இருந்தும், எல்லா வெப்பநிலையிலும் ஒரே சீராகக் கசிந்தால் காரணம் வேறு: உள்ளும் புறமும் சவ்வூடு அழுத்தம் பொருந்தவில்லை. சாயக் கரைசலையும் வெளிப்பஃபரையும் ஆஸ்மோமீட்டரில் வைத்து, சாதாரண உப்பால் சமப்படுத்துங்கள்.

அப்புறம், நூறு சதவீதக் கசிவைக் குறிக்க, சவ்வைக் கரைக்கும் டிரைட்டான் எக்ஸ்-100 ஊற்றுவோம் அல்லவா, அங்கே ஒரு பொறி இருக்கிறது. ஒழுங்குற்ற பாய்ம நிலையில் உள்ள சவ்வு குளிரில் டிரைட்டானுக்கு எளிதில் கரையாது. பாதிதான் உடைந்திருக்கும், நாம் அதை முழுமை என்று எடுத்துக்கொள்வோம். கசிவுச் சதவீதம் எல்லாமே கூடிக் காட்டும். டிரைட்டான் ஊற்றி 60 டிகிரியில் சில நிமிடம் வைத்து, பிறகு அளக்கும் வெப்பநிலைக்குத் திரும்பக் கொண்டுவந்து ரீடிங் எடுங்கள். கொண்டுவராமல் எடுத்தால் அதுவும் தப்பு, சாயத்தின் ஒளிர்வே வெப்பநிலையோடு மாறும்.

அறிகுறி 6: வெப்பநிலையை மாற்றினாலும் சரிவே இல்லை

லிப்பிட் டிஓபிசி என்றால் இது கோளாறே அல்ல. 5 டிகிரியிலும் 50-லும் அது பாய்ம நிலையில்தான் இருக்கிறது. GP மெல்லச் சாய்ந்த கோடாக இறங்கும், படி எதுவும் இருக்காது. இதில் கொலஸ்ட்ரால் சேர்த்தால் எல்லா வெப்பநிலையிலும் இறுக்கம் மட்டுமே கிடைக்கும். தளர்த்துவதைக் காட்ட இது உதவாத லிப்பிட்.

உயிருள்ள செல் என்றால் இன்னும் கவனம் வேண்டும். மனிதச் சிவப்பணுவின் சவ்வில் ஏறக்குறைய ஒரு பாஸ்போலிப்பிடுக்கு ஒரு கொலஸ்ட்ரால் இருக்கிறது; அதில் 41 மாதிரியான கூர்மையான மாற்றத்தைத் தேடக் கூடாது. அதற்காகச் செல் சவ்வு குளிருக்கு அசையாது என்றும் இல்லை. சிங்கரும் நிக்கல்சனும் 1972-ல் பாய்ம மொசைக் மாதிரியை முன்வைப்பதற்கு இரண்டு வருடம் முன்பே, ஃபிரையும் எடிடினும் எலிச் செல்லையும் மனிதச் செல்லையும் இணைத்து, இரண்டின் மேற்பரப்புப் புரதங்களும் 37 டிகிரியில் 40 நிமிடத்தில் ஒன்றாகக் கலந்துவிடுவதைக் காட்டினார்கள். 15 டிகிரிக்குக் கீழே அந்தக் கலப்பு ஏறக்குறைய நின்றுபோனது. படி இல்லாவிட்டாலும் வேகம் குறைகிறது.

பாக்டீரியாவில் வேறு விதமாக ஏமாறலாம். ஈ. கோலையில் கொலஸ்ட்ரால் கிடையாது. குளிரில் வளர்த்தால் அது நிறைவுறாத கொழுப்பு அமிலங்களை அதிகம் சேர்த்துக்கொள்ளும், சூட்டில் வளர்த்தால் குறைத்துக்கொள்ளும். 15 டிகிரியில் வளர்ந்ததை 15-லும், 37-ல் வளர்ந்ததை 37-லும் அளந்தால் இரண்டின் பாய்மத்தன்மையும் கிட்டத்தட்ட ஒன்றாக வரும். சினென்ஸ்கி 1974-ல் இதைத்தான் காட்டினார். ரீடிங் மாறவில்லை, கருவி பழுது என்று முடிவு கட்டுபவர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: இரண்டு வளர்ப்புகளையும் ஒரே வெப்பநிலையில் அளப்பது. இரண்டையும் 25-ல் வைத்து அளந்தால், குளிரில் வளர்ந்தது தளர்ந்தும் சூட்டில் வளர்ந்தது இறுகியும் தெரியும். வளர்ப்பை வெளியே எடுத்த உடனே அளங்கள். 25-ல் நெடுநேரம் விட்டால் உயிருள்ள செல் அந்தச் சூட்டுக்கு ஏற்பத் தன் கொழுப்பு அமிலங்களை மாற்றத் தொடங்கிவிடும்.